கடைசி வரியின் கூட்டுத்தொகைக்காகத்தான் இத்தனை ஏடுகள்

கேள்வி: எல்லா நடவடிக்கைகளையும் ஒரே குறிப்பேட்டில் தேதிவாரியாக எழுதினால் போதாதா? விற்பனை ஏடு, கொள்முதல் ஏடு, உரிய குறிப்பேடு என்று ஏன் பிரிக்கிறார்கள்? கடனுக்கு வாங்கிய அலமாரி கொள்முதல் ஏட்டில் ஏன் வரக்கூடாது?

உங்கள் அலமாரிக் கேள்வியிலேயே முதல் இரண்டுக்கும் விடை இருக்கிறது. அதற்கு முன் விற்பனை ஏடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

காகிதம் விற்கும் வணிகர் ஒருவர் ஒரு மாதத்தில் மூன்று பேருக்குக் கடனுக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அ என்பவருக்குப் பட்டியல் விலை 10,000, அதில் 10% வியாபாரத் தள்ளுபடி போக 9,000. ஆ என்பவருக்கு 6,500. இ என்பவருக்கு 4,500. குறிப்பேட்டில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பற்று, ஒரு வரவு. பேரேட்டுக்கு ஆறு முறை எடுத்தெழுத வேண்டும். அதில் மூன்று முறை விற்பனைக் கணக்கையே திறந்து வரவு வைக்கிறோம். விற்பனை ஏட்டில் அப்படியில்லை. அ, ஆ, இ மூவரின் கணக்கிலும் அவரவர் தொகையைத் தனித்தனியே பற்று வைத்துவிட்டு, மாதக் கடைசியில் கூட்டுத்தொகை 20,000-ஐ விற்பனைக் கணக்கில் ஒரே வரியில் வரவு வைத்தால் முடிந்தது.

மூன்று பில்லுக்கு இது பெரிய மிச்சமில்லை. பில் 200 என்றால் 400 எடுத்தெழுதல்கள் 201 ஆகிவிடும். அதோடு விற்பனை ஏட்டை ஒருவர், கொள்முதல் ஏட்டை இன்னொருவர் என்று ஒரே நேரத்தில் எழுதலாம்.

ஆனால் அந்தக் கூட்டுத்தொகையை ஒரே கணக்குக்குக் கொண்டுபோக ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பத்தியில் இருப்பவை எல்லாம் ஒரே இனமாக இருக்க வேண்டும்: வணிகர் விற்பதற்கென்றே வைத்திருக்கும் சரக்கு, அதுவும் கடனுக்கு. ரொக்க விற்பனை ரொக்க ஏட்டில் வந்துவிடும். அதை இங்கேயும் எழுதினால் விற்பனை இரண்டு முறை கணக்கேறும்.

இப்போது அலமாரிக்கு வருவோம். அதே வணிகர் கடனுக்கு 14,000-க்கும் 11,000-க்கும் காகிதம் வாங்குகிறார். கடையில் சரக்கை அடுக்கிவைக்க 18,000-க்கு ஓர் அலமாரியும் கடனுக்கு வாங்குகிறார். பில் வந்திருக்கிறது, கடனுக்கு வாங்கியதுதான் என்று மூன்றையும் கொள்முதல் ஏட்டில் எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 43,000 ஆகும். அது முழுவதும் கொள்முதல் கணக்கில் பற்றாகிவிடும். சரியான தொகை 25,000 மட்டுமே.

இந்தப் பிழையை இருப்பாய்வு காட்டித் தராது. அலமாரி கொடுத்தவரின் கணக்கில் 18,000 வரவு சரியாகவே இருக்கிறது. பற்றும் 18,000 விழுந்திருக்கிறது, ஆனால் வேறு கணக்கில். இரு பக்கமும் அழகாகச் சமமாகும். இலாபம் மட்டும் 18,000 குறைந்து நிற்கும், தேய்மானம் தனி. சொத்துப் பக்கத்தில் அலமாரியே இருக்காது. மொத்த இலாப விகிதம் காரணமில்லாமல் சரிந்திருந்தால், நான் முதலில் கொள்முதல் ஏட்டில் வழக்கமாகச் சரக்கு தராதவர்களின் பெயர்களைத்தான் தேடுவேன். கண்டுபிடித்தபின் திருத்தம் இதுதான்: அறைகலன் கணக்கு பற்று 18,000, கொள்முதல் கணக்கு வரவு 18,000. இந்தத் திருத்தப் பதிவும் உரிய குறிப்பேட்டில்தான் வரும், அலமாரி வாங்கியது முதலிலேயே அங்கே வந்திருக்க வேண்டியதைப் போல. அதே அலமாரியை, அலமாரி விற்பவர் ஒருவர் வாங்கினால் அது அவருக்குச் சரக்கு, கொள்முதல் ஏட்டுக்கே போகும். பொருளை வைத்து முடிவு செய்யாதீர்கள், வாங்கிய நோக்கத்தைப் பாருங்கள்.

கூட்டலில் பிழை வந்தால் கதை வேறு. விற்பனை ஏட்டை 20,000-க்குப் பதில் 19,100 என்று கூட்டிவிட்டால், கடனாளிகள் கணக்குகள் சரியாக இருக்கும், விற்பனைக் கணக்கில் மட்டும் 900 குறையும். இருப்பாய்வில் பற்றுப் பக்கம் 900 அதிகமாகத் தெரியும். பேரேடு முழுவதையும் புரட்டுமுன் துணை ஏடுகளின் கூட்டலைச் சரிபாருங்கள். ஒரு பில்லே ஏட்டில் ஏறாமல் விட்டுப்போயிருந்தால் இருப்பாய்வு மூச்சு விடாது. அதற்குப் பில் எண்கள் வரிசையாக வருகின்றனவா என்று பார்ப்பதுதான் வழி.

உரிய குறிப்பேட்டை மிச்சத்தைப் போடும் இடமாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடக்கப் பதிவு, தேய்மானம், வாராக்கடன், பிழைத் திருத்தம் போன்றவை அங்கே வருகின்றன. இவற்றில் பலவற்றுக்கு வெளியிலிருந்து வந்த பில் எதுவும் கிடையாது, யாரோ எடுத்த முடிவு மட்டுமே இருக்கிறது. அதனால்தான் அங்கே ஒவ்வொரு பதிவின் கீழும் விளக்கக் குறிப்பு கட்டாயம். ஒரு கடனாளியிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, அந்தக் கடனை வாராக்கடன் என்று எழுதித் தள்ள நினைப்பவருக்குத் தேவையான பதிவும் இந்த ஏட்டில்தான் விழும். நூற்றுக்கணக்கான விற்பனைப் பதிவுகளுக்கு நடுவே அது கலந்திருந்தால் கண்ணில் படாது. தனி ஏட்டில் மாதத்துக்குப் பத்துப் பதினைந்து பதிவுகள்தான் என்றால், பொறுப்பாளர் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்து, ஆதாரம் கேட்டு, கையெழுத்துப் போட முடியும்.