78 ஆண்டு மரம் சீவியவர் யார்?

“சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் 50 பேரிடம் எத்தனை ஆண்டு பால்மரம் சீவினீர்கள் என்று கேட்டேன். எக்செல் சராசரி 78.74 என்கிறது. எங்கே தவறு?”

வணக்கம். அந்த நிரலைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். உச்சியில் 999 நிற்கும். பதில் சொல்லாதவருக்குப் படிவத்தில் இடும் குறி அது. எக்செலுக்கோ அது 999 ஆண்டு உழைப்பு.

உங்கள் கூட்டுத்தொகை 3937. நான்கு பேருக்கு 999 என்றால் அதுவே 3996, எனவே நான்குக்கு வாய்ப்பில்லை. மூன்று என்றே நினைக்கிறேன்: 2997 போக மீதி 940, அதை 47 பேருக்கு வகுத்தால் 20 ஆண்டு. இரண்டே பேர் என்றால் சராசரி 40ஐத் தாண்டும். அது நம்பும்படி இல்லை. ஆண்டுகள் C நிரலில் இருந்தால், 999ஐ விட்டுவிட்டுச் சராசரி காண இந்தச் சூத்திரம் போதும்:

```
=AVERAGEIF(C2:C51,"<>999")
```

999ஐ அழித்து 0 போடாதீர்கள். அவர்கள் ஒரு நாளும் மரம் சீவவில்லை என்றாகி, சராசரி 18.8க்கு இறங்கிவிடும். மூலக் கோப்பை அப்படியே வைத்து, நகலில் அந்தக் கட்டங்களை வெறுமையாக விடுங்கள்.

சம்பள நிரல் இருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள். 999 ரிங்கிட் உண்மைச் சம்பளம் போலவே தெரியும். நான் அங்கேதான் ஏமாந்தேன். பலர் 1,700 வாங்கும் இடத்தில் அந்தக் குறி சராசரியைச் சத்தமில்லாமல் கீழே இழுக்கும். சரியாக 999 எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, காகிதப் படிவத்தோடு ஒப்பிடுங்கள்.