பிரெஞ்சுப் புரட்சியில் பாதிரியார்கள் ஏன் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது?

"திருச்சபையின் சொத்துகளைத்தான் அரசு எடுத்துக்கொண்டதே, பிறகு எதற்குப் பாதிரியார்களிடம் உறுதிமொழி கேட்டார்கள்?"

சொத்தை எடுத்ததன் நேரடி விளைவுதான் அது. கடனில் மூழ்கிய அரசுக்காக 1789 நவம்பர் 2 அன்று தேசிய மன்றம் திருச்சபைச் சொத்துகளைக் கைப்பற்றியது. நிலம் போனபின் பாதிரியார்களுக்குச் சம்பளம் தரும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது. சம்பளம் வாங்குபவர் அரசு ஊழியர். ஆகவே 1790 ஜூலைச் சட்டம் ஆயர்களையும் பங்குத் தந்தையரையும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கச் சொன்னது. போப்பின் ஒப்புதல் தேவையில்லை என்றது. பலரால் ஏற்க முடியாதது இதுதான், நில இழப்பு அல்ல. அரசு ஊழியர் என்ற முறையில் இந்தச் சட்டத்தை ஏற்பதாகத்தான் பாதிரியார்களிடம் உறுதிமொழி கேட்கப்பட்டது.

1791 ஜனவரி 4 அன்று மன்றத்தில் முதலில் அழைக்கப்பட்ட அஜான் நகர ஆயர் எழுந்து உறுதிமொழி எடுக்க மறுத்தார். நாடெங்கும் பங்குத் தந்தையரில் ஏறக்குறையப் பாதிப்பேர் மறுத்துப் பதவி இழந்தனர். பக்தரான மன்னர் பதினாறாம் லூயி அந்தச் சட்டத்தில் மனமின்றிக் கையெழுத்திட்டிருந்தார். அந்த உறுத்தலும் சேர்ந்தே அவரை ஜூனில் பாரிஸிலிருந்து தப்பியோடத் தூண்டியது.