கேக் மேல் இருப்பது பால் கிரீமா? உள்ளே முட்டை எவ்வளவு?

"மகள் பிறந்தநாளுக்குத் தருமபுரியில் ஒரு பேக்கரியில் அரை கிலோ 'ஃப்ரெஷ் கிரீம்' கேக் பார்த்து வைத்திருக்கிறேன். கேக் போட்டோவும் லேபிள் போட்டோவும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். லேபிள் பாதி மடிந்திருக்கிறது. ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட், சோடியம் கேசினேட், எமல்சிஃபயர் 435, அப்புறம் 100 கிராமில் கொலஸ்ட்ரால் 56 மி.கி. என்பது மட்டும் தெரிகிறது. மேலே இருப்பது பால் கிரீம்தானா? என் மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். இதில் முட்டை இருக்குமா?" — பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி

பால் கிரீம் இல்லை. முட்டை அநேகமாக இருக்கிறது, அதுவும் ஒன்றரை முட்டை அளவுக்கு. எப்படிச் சொல்கிறேன் என்பதைக் கிரீமிலிருந்தே தொடங்குகிறேன். கிரீம் எது என்று தெரியாமல் முட்டைக் கணக்கைப் போட முடியாது.

நம் ஊர் பேக்கரிகளில் 'ஃப்ரெஷ் கிரீம் கேக்' என்றால் பெரும்பாலும் பழைய பட்டர் ஐசிங் கேக் இல்லை, ஃப்ரிட்ஜில் வைத்து விற்கிற கேக் என்றுதான் பொருள். அதன் மேல் போடுவது, ஒரு லிட்டர் அட்டைப் பெட்டியில் உறைந்த நிலையில் வரும் விப்பிங் கிரீம். தண்ணீர், ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, சர்க்கரை, எமல்சிஃபயர் எல்லாம் சேர்ந்தது. பெட்டியை இறக்கி, பாதி உருகியதும் மெஷினில் அடித்தால் மூன்று நான்கு மடங்கு பொங்கும். பாலில் எடுத்த கிரீம் இரண்டு மடங்கு பொங்கினாலே பெரிய விஷயம், விலையும் அதிகம். அதனால் கடைக்காரர்கள் முன்னதையே வாங்குகிறார்கள். இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் தருமபுரியிலிருந்து பாலக்கோட்டுக்குப் பைக்கில் போகிற கேக்கில் பால் கிரீம் போட்டால், வீடு சேரும்போது பூ எல்லாம் வழிந்து கிடக்கும். ஆனால் 'ஃப்ரெஷ் கிரீம்' என்று பலகை எழுதி, பால் கிரீம் விலை வாங்கினால் கேட்க வேண்டியதுதான்.

உங்கள் லேபிளில் தெரியும் முதல் பெயரே போதும். பால் கிரீமாக இருந்தால் அந்த இடத்தில் கிரீம் என்றோ மில்க் ஃபேட் என்றோ இருக்கும். சோடியம் கேசினேட் என்பது பாலிலிருந்து பிரித்த புரதம். அதனால் இந்தக் கிரீமைப் 'பால் இல்லாதது' என்று நம்பி, பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கொடுத்துவிடக் கூடாது. பால் கொழுப்பு இல்லை, பால் புரதம் இருக்கிறது. 435 என்பது, அடித்த கிரீமைப் படியாமல் நிறுத்தி வைக்கும் எமல்சிஃபயர்.

போட்டோவும் இதையே சொல்கிறது. பைப்பிங் பூவின் ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல் கூராக நிற்கின்றன. நிறம் சுண்ணாம்பு வெள்ளை, பளபளப்பில்லை. பால் கிரீம் லேசாகத் தந்த நிறத்தில் இருக்கும், பூவின் ஓரம் மழுங்கும், நேரமானால் அடியில் கொஞ்சம் நீர் கசியும். பட்டர் கிரீம் இன்னும் மஞ்சளாக, மேல் தோல் காய்ந்தது போல் தெரியும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கடையின் எல்.இ.டி. வெளிச்சத்தில் பால் கிரீமும் நீலம் பாய்ந்த வெள்ளையாகத் தெரியும். பெட்டியின் வெள்ளை அட்டை படத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்து அதோடு ஒப்பிடுங்கள். நான் முதலில் பார்ப்பது ஓரத்தைத்தான். இரண்டு கிரீமும் கலந்து அடிக்கிற கடைகளும் உண்டு. அங்கே போட்டோ தோற்றுப்போகும், லேபிள்தான் கதி.

சரி, முட்டைக்கு வருவோம். போட்டோவில் முட்டையைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வெட்டிய துண்டின் படத்தில், முட்டை ஸ்பான்ஜ் சீரான நுண்துளைகளோடு மஞ்சளாக இருக்கும், முட்டையில்லாதது கொஞ்சம் நெருக்கமாக, உதிரியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கேக் ஜெல் ஒரு கரண்டியும் மஞ்சள் கலர் ஒரு துளியும் போட்டால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். இரண்டும் எல்லா பேக்கரியிலும் இருக்கின்றன. நீங்கள் வைத்திருப்பதோ முழுக் கேக்கின் படம், வெளியில் கிரீம் மட்டும்தான் தெரிகிறது.

ஆனால் அந்தக் கொலஸ்ட்ரால் வரி காட்டிக் கொடுக்கிறது. தாவரக் கொழுப்பில் கொலஸ்ட்ரால் கிடையாது. மைதா, சர்க்கரை, சமையல் எண்ணெய் எதிலும் கிடையாது. ஒரு கேக்கில் அது வரக்கூடிய இடங்கள் முட்டையின் மஞ்சள் கரு, வெண்ணெய், பால் கொழுப்பு, இவ்வளவே. உங்கள் கேக் 500 கிராம். 100 கிராமில் 56 என்றால் மொத்தம் 280 மி.கி. ஓடு நீக்கிய 50 கிராம் முட்டை ஒன்றில் சுமார் 185 மி.கி. இருக்கும். 280-ஐ 185-ஆல் வகுத்தால் ஒன்றரை வருகிறது. அரை கிலோ கேக்கின் ஸ்பான்ஜுக்கு ஒன்றரை முட்டை என்பது நடைமுறைக்கு ஒத்துவருகிற அளவுதான்.

இது வெண்ணெயிலிருந்து வந்திருக்கக் கூடாதா? 100 கிராம் வெண்ணெயில் சுமார் 215 மி.கி. உண்டு. 56 வர வேண்டுமானால் கேக்கின் எடையில் கால் பங்குக்கு மேல் வெண்ணெயாக இருக்க வேண்டும். எண்ணெய் ஊற்றிச் செய்கிற ஸ்பான்ஜுக்கும் தாவர டாப்பிங்குக்கும் அது பொருந்தாது. மேலே பால் கிரீம் இருந்திருந்தால் மட்டும் என் கணக்கு கவிழ்ந்திருக்கும். 35 சதவீதக் கொழுப்புள்ள பால் கிரீமில் 100 கிராமுக்கு சுமார் 120 மி.கி. வரும், கேக்கில் பாதி அந்தக் கிரீமானால் முட்டையே இல்லாமல் 56-ஐத் தொட்டுவிடும். அதனால்தான் முதலில் கிரீமை முடிவு செய்தேன். தாவர டாப்பிங் போட்ட எக்லெஸ் கேக்கில், கண்டென்ஸ்ட் மில்க், பால் பவுடர் சேர்த்தாலும், இந்த எண் பொதுவாகப் பத்துக்குள் நிற்கும்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. வெள்ளைக் கருவில் கொலஸ்ட்ரால் இல்லை. மெரிங், மேக்ரான் மாதிரி வெள்ளைக் கருவில் செய்த அலங்காரம் இருந்தால் பூஜ்யத்துக்கு அருகில் எண் வந்தும் முட்டை இருக்கும். சிறிய கடைகள் வேறு கேக்கின் லேபிளை அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டுவதும் நடக்கிறது. அதனால் கொலஸ்ட்ரால் அளவை வைத்து 'முட்டை இருக்கிறது' என்று சந்தேகப்படலாம், 'இல்லை' என்று உறுதி செய்ய முடியாது.

மாமியாருக்காக மடிந்த பகுதியை விரித்து எடுத்த போட்டோவைக் கேளுங்கள். நம் நாட்டு விதிப்படி முட்டை சேர்ந்தால் அது அசைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும், பழைய லேபிளில் பழுப்பு வட்டமாக இருக்கலாம். சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அட்டைப் பெட்டியில் முன்பே அச்சடித்த பச்சைப் புள்ளியைக் கணக்கில் எடுக்காதீர்கள், ஒரே பெட்டியில் எல்லாக் கேக்கும் போகும். இந்தக் கேக்குக்கு ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள குறிதான் பேசும். ஸ்டிக்கரில் அலர்ஜி வரியில் 'எக்' இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எக்லெஸ் என்று தனியாக ஆர்டர் கொடுத்தால், மேலே ஊற்றும் கண்ணாடி போன்ற கிளேஸில் ஜெலட்டின் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் இவற்றிலிருந்து எடுப்பது. முட்டை வேண்டாம் என்கிறவர் இதையும் நிச்சயம் வேண்டாம் என்பார், ஆனால் 'எக்லெஸ்' என்ற சொல் அதைச் சொல்லாது.