நிறுத்திய பிறகும் வந்த மாத்திரை: தானாக வரும் ரீஃபில் பற்றிய கேள்விகள்

அப்பாவுக்கு மெட்பார்மின் 500 மாதாமாதம் ஆன்லைனில் வருகிறது. டாக்டர் டோஸை மாற்றிவிட்டார். ஆப்பில் அடுத்த டெலிவரி 15ஆம் தேதி என்று இருந்தது. 13ஆம் தேதியே ரீஃபிலை நிறுத்திவிட்டேன். ஆனாலும் 15 அன்று பார்சல் வந்து நிற்கிறது. ஏன்?

ஆப் காட்டியது பார்சல் உங்கள் வாசலுக்கு வரும் நாள். அதற்கு முன்பே மருந்தாளுநர் சீட்டைச் சரிபார்த்து, பில் போட்டு, பெட்டி கட்டியாக வேண்டும். நீங்கள் பொத்தானை அழுத்தும்போது இந்த மாத ஆர்டர் பெரும்பாலும் உருவாகியிருக்கும். பல தளங்களில் ரீஃபிலை நிறுத்தினால் அடுத்த ஆர்டர்தான் நிற்கும். ஏற்கெனவே உருவான ஆர்டரை, ஆர்டர் பட்டியலுக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். இந்த இரண்டாவது வேலையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை வாடிக்கையாளர் சேவையிடம் கேட்பதைவிடப் பழைய பில்லிடம் கேட்பது நல்லது. கடைசி இரண்டு மூன்று பில்களைத் திறந்து பில் தேதியையும் பார்சல் வந்த தேதியையும் பாருங்கள். 12இல் பில், 15இல் டெலிவரி என்றால் இடைவெளி மூன்று நாள். அப்படியென்றால் 10ஆம் தேதிக்குள் நிறுத்திவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் கையில் இருக்கட்டும். பார்சல் கிளம்பிவிட்டதென்றால் வாசலிலேயே வாங்க மறுத்துவிடலாம். பிரித்துவிட்டால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு.

தைராய்டு மாத்திரை 100 உள்ள பாட்டில், 90 நாளுக்கு ஒருமுறை வருகிறது. தினமும் ஒன்றுதான் சாப்பிடுகிறேன். வீட்டில் சேர்ந்துகொண்டே போகிறதே?

சேரத்தானே செய்யும்! 90 நாளில் 90 மாத்திரை தீர்கிறது, வருவது 100. நான்கு பாட்டில் வந்து ஐந்தாவது வரும்போது 40 மாத்திரை மிச்சம். டாக்டர் 50 மைக்ரோகிராமை 75 ஆக்கினால் அந்த 40உம் அலமாரியில் கிடக்கும்.

கையில் இருப்பதை எண்ணித் தினசரி அளவால் வகுத்தால் எத்தனை நாளுக்கு வரும் என்று தெரிந்துவிடும். உங்களிடம் 64 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 64 நாள். பார்சல் தாமதமானால் சமாளிக்க ஒரு வாரத்தைக் கழித்தால் 57. அடுத்த டெலிவரி தேதியை இன்றிலிருந்து 57 நாள் தள்ளி வையுங்கள். 100 நாள் இடைவெளி தேர்ந்தெடுக்க முடிந்தால் அதையே போட்டுவிடலாம். முடியாவிட்டால் அவ்வப்போது தேதியைத் தள்ளத்தான் வேண்டும்.

தட்டுப்பாடும் இப்படியே வரும். தினம் இரண்டு சாப்பிடுபவருக்கு மாதம் 60 மாத்திரை வந்தால், வருடத்துக்கு 720. ஆனால் 365 நாளுக்கு 730 தேவை. பத்து மாத்திரை, அதாவது ஐந்து நாள், குறையும். மாதம் ஒருமுறை என்ற அட்டவணைக்குள் 31 நாள் மாதங்கள் ஒளிந்திருக்கின்றன.

புரோட்டீன் பவுடர் சந்தாவை நிறுத்த யுபிஐ ஆட்டோபேயை ரத்து செய்துவிட்டேன், ஆப்பையும் நீக்கிவிட்டேன். போதுமா?

போதாது. ஆட்டோபே பணத்துக்கான அனுமதி மட்டும்தான். சந்தா விற்பவரிடம் உயிரோடு இருக்கும். பொருளை அனுப்பிவிட்டுப் பணம் பாக்கி என்று மெசேஜ் வரலாம், டெலிவரியில் காசு கேட்கலாம். ஆப்பை நீக்குவதால் எதுவும் நிற்காது. முதலில் தளத்தில் சந்தாவை ரத்து செய்து, உறுதிப்படுத்தும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் ஆட்டோபே.

தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜ் வந்தால் சந்தா இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். சந்தாவில் எளிதாகச் சேரவிட்டு, வெளியேறும் வழியை மட்டும் ஒளித்து வைப்பதை 2023இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. ரத்து செய்யும் வழியே தென்படவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

மூன்று மாதம் மகன் வீட்டுக்குப் போகிறேன். பிரஷர் மாத்திரை மெட்டோப்ரோலாலின் ரீஃபிலை நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள், டெலிவரி முகவரியை மாற்றுங்கள். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் புதிதாகச் சீட்டு கேட்கலாம்; அதற்குள் கையில் உள்ளது தீர்ந்துபோகும். மெட்டோப்ரோலாலைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி, படபடப்பு வரக்கூடும். முகவரியை மாற்றிய பிறகு ஆர்டர் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். ஏற்கெனவே உருவான ஆர்டர் பழைய முகவரிக்கே போகலாம்.