4 மாசக் குழந்தைக்கு தேன் கலந்த மூலிகை சொட்டு மருந்து

"இருமலுக்கு மூலிகை டிராப்ஸ தேன்ல குழைச்சு நேத்து ரெண்டு தடவ நாக்குல தடவினோம், 4 மாசம் ஆகுது, தேனை காய்ச்சிட்டா குடுக்கலாமா?"

காய்ச்சினாலும் குடுக்கக் கூடாது, ஒரு வயசு முடியற வரைக்கும் தேன் வேண்டவே வேண்டாம், நாக்குல தடவுறதும் சரி ரப்பர் நிப்பிள்ல தொட்டு வைக்கிறதும் சரி.

காரணம் தேன்ல சில சமயம் இருக்கிற கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்ங்கிற கிருமியோட வித்துகள். வீட்டு அடுப்புல கொதிக்க வச்சாலும் அது சாகாது. நம்ம குடல்ல வளர இடம் கிடைக்காம வெளிய போயிடும், ஆனா பச்சக்குழந்தை குடல்ல முளைச்சு நரம்பைத் தாக்குற விஷத்தை உண்டாக்கும்.

குடுத்த எல்லா குழந்தைக்கும் இது வராது, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, அதனால வாந்தி எடுக்க வைக்காதீங்க, ஒரு மாசம் கவனிங்க. பெரும்பாலும் முதல்ல மலச்சிக்கல் வரும், அப்புறம் பால் உறிஞ்சுறது மெதுவாகும், அழுகை சன்னமாகும், இமை தொங்கும், கழுத்து துவளும். காய்ச்சல் இருக்கணும்னு இல்ல. மலச்சிக்கல் இருந்தாலும் இல்லாட்டாலும் மத்ததுல ஒண்ணு வந்தாலே விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயி தேன் குடுத்ததை சொல்லிடுங்க. மூச்சுத் திணறினா உடனே ஆம்புலன்ஸ்.

அந்த டிராப்ஸையும் நிறுத்துங்க. லேபிள்ல தேன், ஆல்கஹால், கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ், அன்னாசிப்பூ இருக்கான்னு பாருங்க. கற்பூரம் வயித்துக்குள்ள போனா வலிப்பு வரலாம். அன்னாசிப்பூவுல, பாக்க அதே மாதிரி இருக்கிற விஷ வகை சில சமயம் கலந்துடும், பாத்து கண்டுபிடிக்க முடியாது, அதோட கஷாயம் குடிச்ச குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கு.

அம்மா தேன் சாப்பிட்டா தாய்ப்பால்ல அந்த வித்து வராது, அது பரவாயில்ல. ஆனா 4 மாசத்துல இருமல்னா டாக்டர் ஒரு தடவ நெஞ்சைப் பாக்கணும்.