சைனை அடிக்காதீர்கள்: முக்கோணவியல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசிக்கு ஒரே வியாதி. அதனால் முக்கோணவியலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வட்டத்துக்கு வரையும் தொடுகோடு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

sin 2x / sin x என்பதில் மேலும் கீழும் இருக்கும் sin-ஐ அடித்தேன். 2x / x, அதாவது 2 வருகிறது. விடைப் பக்கத்தில் 2 cos x என்று இருக்கிறது. எங்கே தப்பு? – பதினொன்றாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

அடித்த இடத்தில்தான். √16 / √4 என்பதில் √ குறியை மட்டும் அடித்துவிட்டு, விடை 4 என்று எழுதுவீர்களா? மாட்டீர்கள், விடை 2 என்று தெரியும். sin-உம் அப்படி ஒரு குறிதான். பக்கத்தில் கோணம் இல்லாமல் அதற்கு மதிப்பே கிடையாது. மதிப்பு இல்லாத ஒன்றை எப்படி அடிப்பது? x = 30° போட்டுப் பாருங்கள்: 0.87-ஐ 0.5-ஆல் வகுத்தால் 1.7தான் வரும், 2 அல்ல. sin 2x-ஐ 2 sin x cos x என்று பிரித்து எழுதிய பிறகு sin x என்ற முழு உருப்படியை அடிக்கலாம். அது எண். அப்போதும் அது பூஜ்யமாக இருக்கக் கூடாது. இதைக் கீழே இன்னொருவருக்கும் சொல்லியிருக்கிறேன்.

sin(A + B) = sin A + sin B என்று எழுதினேன். A = 0°, B = 90° என்று போட்டுச் சரியும் பார்த்தேன், இரண்டு பக்கமும் 1 வந்தது. ஆனாலும் ஆசிரியர் முழுக்கத் தப்பு என்கிறார். – பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு மாணவர்

பெயர் வேண்டாம் என்றது நல்லது, தம்பி. ஆசிரியர் பக்கம்தான் நியாயம்.

முப்பது வருஷமாக இந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டுகிறேன். 5(A + B) = 5A + 5B என்று எட்டாம் வகுப்பில் பழகிய கை, அடைப்புக்குறியைக் கண்டாலே உள்ளே புகுந்து பங்கு போடத் தொடங்கிவிடுகிறது. sin-க்குப் பிறகு வரும் அடைப்புக்குறி பெருக்கலைக் காட்டுவதில்லை. எந்தக் கோணத்துக்கு சைன் பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டுகிறது. முதலில் கூட்ட வேண்டும், பிறகு சைன் பார்க்க வேண்டும்.

நீங்கள் சரிபார்த்த விதம் இன்னும் மோசம். 0° போட்டால் A இல்லாமலே போய்விடுகிறது, அப்புறம் என்னத்தைச் சோதித்தீர்கள்? A = 30°, B = 60° போடுங்கள். இடப்பக்கம் sin 90° = 1. வலப்பக்கம் 0.5 + 0.87, ஏறக்குறைய 1.37. எந்தக் கோணத்தின் சைனும் 1-ஐத் தாண்டாது. 1.37-ஐப் பார்த்ததுமே பேனா நின்றிருக்க வேண்டும். சரியான சூத்திரம் sin A cos B + cos A sin B. அதில் அதே கோணங்களைப் போட்டால் 0.25 + 0.75, பிசகாமல் 1.

அப்படியானால் உங்கள் வரி எப்போதுமே பொய்யா என்றால், இல்லை. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கினால் இப்படி வரும்:

sin(A + B) − sin A − sin B = −4 sin(A/2) sin(B/2) sin((A + B)/2)

இது பூஜ்யமாக வேண்டுமானால் A, B, A + B ஆகிய மூன்றில் ஒன்றாவது 0° அல்லது 360°-இன் மடங்காக இருக்க வேண்டும். நீங்கள் தேடிப் பிடித்த A = 0° அதில் ஒன்று. இரண்டு குறுங்கோணங்களை எடுத்தால் வலப்பக்கம் மூன்று சைன்களும் நேர் எண்கள், முன்னால் ஒரு கழித்தல் குறி. ஆகவே பிரித்துக் கூட்டினால் எப்போதும் கூடுதலாகத்தான் வரும்.

ஏன் கூடுகிறது என்பதை ஆரியபட்டரின் பட்டியல் அழகாகக் காட்டும். கி.பி. 499-ஐ ஒட்டி அவர் தந்தது நம் சைனின் மூதாதையான அரைநாண். 90°-ஐ 24 சம பங்காக வெட்டி, ஆரத்தை 3438 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பங்குக்கும் அரைநாண் எவ்வளவு வளர்கிறது என்று கொடுக்கிறார். முதல் பங்கில் 225. அடுத்து 224, 222, 219 என்று குறைந்துகொண்டே போய், கடைசிப் பங்கில் வெறும் 7. எல்லாவற்றையும் கூட்டினால் 3438, அதாவது ஆரமே. 90°-இல் அரைநாண் ஆரத்தோடு ஒன்றிவிட வேண்டும், ஒன்றிவிடுகிறது. உங்கள் வரி உண்மையாக இருந்தால் 24 பங்கிலும் அதே 225 வளர்ந்து 5400 ஆகியிருக்கும். வட்டத்தின் அரைநாண் ஆரத்தைவிட நீளம்! அப்படி ஒரு வட்டத்தை வரைந்து அனுப்பினால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மறுபடி சொல்கிறேன்: சரிபார்க்க 0°, 90° வேண்டாம். அவை எல்லாத் தப்புக்கும் தலையாட்டும்.

sin 2x = sin x. என் மகன் 2 sin x cos x = sin x என்று எழுதி, sin x-ஆல் வகுத்து, cos x = 1/2, ஆகவே x = 60°, 300° என்று முடித்திருக்கிறான். எல்லா வரியும் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் பாதி மதிப்பெண்? – ஒரு தந்தை, நாகர்கோவில்

பாதி விடைதான் எழுதியிருக்கிறான், அதனால். sin x இங்கே எண்தான், சரி. ஆனால் அது பூஜ்யமாக இருந்தால் வகுக்க முடியாதே. வகுத்த அந்த வரியிலேயே, sin x பூஜ்யமாகும் 0°-உம் 180°-உம் காணாமல் போய்விட்டன. இரண்டையும் மூலச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், இருபுறமும் 0.

வகுப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து sin x (2 cos x − 1) = 0 என்று காரணிப்படுத்தச் சொல்லுங்கள். சுற்று ஒன்றுக்கு 0°, 60°, 180°, 300° என்று நான்கு விடையும் கிடைக்கும். இருபுறமும் வர்க்கப்படுத்தினால் இதற்கு நேர்மாறான தொல்லை, இல்லாத விடை உள்ளே வந்துவிடும். அதை மூலச் சமன்பாட்டில் போட்டு வடிகட்டலாம். தொலைந்த விடையை எதில் போட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

sin 3x = sin x என்றால் 3x = x, ஆகவே x = 0 தானே? – பாலிடெக்னிக் மாணவர், சேலம்

மறுபடி sin-ஐ அடித்திருக்கிறீர்கள், இந்தத் தடவை சமக்குறிக்கு இரண்டு பக்கமும். sin 30°-உம் sin 150°-உம் ஒன்றுதான், அதற்காக 30 = 150 ஆகிவிடுமா? சைன்கள் சமமானால், இரண்டு கோணங்களும் 360°-இன் மடங்கில் வேறுபடலாம், அல்லது ஒன்று 180°-இல் மற்றதைக் கழித்தால் வருவதாக, 360°-இன் மடங்கு கூடியோ குறைந்தோ, இருக்கலாம். முதல் வழியில் x = 0°, 180°. இரண்டாவதில் 4x = 180° + 360°n, ஆகவே 45°, 135°, 225°, 315°. ஒரு சுற்றில் ஆறு விடை. ஐந்தைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள்.

sin⁻¹ 0.5 = 1/0.5 = 2 என்பது சரியா?

இல்லை, 30°. sin²x-இல் 2 அடுக்கு, sin⁻¹-இல் −1 அடுக்கு அல்ல. மோசமான குறியீடு, ஒப்புக்கொள்கிறேன். 1 / sin x வேண்டுமென்றால் cosec x என்று எழுதிப் பழகுங்கள்.

உங்கள் சூத்திரங்கள் எதுவும் என் கால்குலேட்டரில் ஒத்துவரவில்லை. sin 30 போட்டால் −0.99 வருகிறது. கால்குலேட்டர் பழுதா?

திரையின் மேல் ஓரத்தில் R அல்லது RAD என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 30 ரேடியனுக்கு விடை கேட்டிருக்கிறீர்கள், அதுவும் சரியாகவே சொல்லியிருக்கிறது. DEG-க்கு மாற்றிவிட்டு மறுபடி போடுங்கள். கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.