காப்புறுதிப் பற்றுச்சீட்டில் எது கட்டுப்பணம், எது வரி?

கேள்வி: கடை வானுக்குக் காப்புறுதி கட்டுறனான். கணக்காளர் பொலிசி இலக்கம், காலம், கட்டுப்பணம், வரி எல்லாத்தையும் ஒரு தாளில எழுதித் தரச் சொல்லுறார். பற்றுச்சீட்டில ஒரே ஒரு தொகைதான் கிடக்கு. எப்பிடிப் பிரிச்சு எழுதுறது? மாசாமாசம் கட்டுற ஆயுள் காப்புறுதியையும் சேர்க்க வேணுமோ?
— சுன்னாகம் வாசகர்

பதில்: பற்றுச்சீட்டு, காசு கட்டியதற்கான சாட்சி மட்டுமே. நீங்கள் தேடும் பிரிப்பு பொலிசியோடு வந்த அட்டவணைத் தாளிலோ வரி விலைப்பட்டியலிலோ இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். கைக்குக் கிடைக்காவிட்டால் காப்புறுதிக் கிளையில் பிரதி கேளுங்கள்.

முதலில் இலக்கம். பற்றுச்சீட்டின் தலைப்பில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் பற்றுச்சீட்டு இலக்கம். அது ஒவ்வொரு முறை கட்டும்போதும் மாறும். பொலிசி இலக்கம் வேறு. இரண்டையும் தனித்தனி நிரலில் எழுதுங்கள். அட்டவணையிலுள்ள பொலிசி இலக்கத்தோடும் வாகன இலக்கத்தோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். 0 இருக்க வேண்டிய இடத்தில் O விழுந்தால், பிறகு கிளையில் தேடும்போது பொலிசி அகப்படாது.

அடுத்தது காலம். அதிகம் பிழைப்பது இங்கேதான். காசு கட்டிய திகதியைக் காப்பு தொடங்கிய திகதி என்று எழுதிவிடுகிறார்கள். வருமான அனுமதிப் பத்திரம் எடுக்கும் அவசரத்தில் சில நாள் முந்தியே கட்டுவதால் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. 07/11 என்று இருந்தால் அது யூலையா நவம்பரா என்பதை அட்டவணையில் பார்த்து, மாதத்தைப் பெயராலேயே எழுதுங்கள்.

ஒரு வானின் கணக்கை எடுப்போம். காசு கட்டியது 2025 யூலை 11. காப்பு 2025 யூலை 15 முதல் 2026 யூலை 14 வரை. பற்றுச்சீட்டுத் தொகை ரூபா 60,512.82. அட்டவணையில் வரிக்கு முந்திய கட்டுப்பணம் 50,000 என்று இருக்கிறது. அதற்குள் வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகக் காப்பும் அடக்கம். இந்தப் பணம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போவதால் பலர் இதை வரி நிரலில் போட்டுவிடுகிறார்கள். இது வரியல்ல, காப்பின் விலை. கட்டுப்பணத்தோடேயே நிற்க வேண்டும்.

50,000க்கு மேலே சமூகப் பாதுகாப்பு வரி 1,282.05. அதன் வீதம் 2.5% தானே, 1,250 வர வேண்டுமே என்று நினைக்கலாம். அந்த வரி, தன்னையும் சேர்த்த விற்பனைத் தொகையில் அறவிடப்படுவதால் 50,000ஐ 0.975ஆல் வகுத்துச் சேர்க்கிறார்கள். வருவது 51,282.05. அதன்மேல் 18% பெறுமதி சேர் வரி, அதாவது வற், 9,230.77. மூன்றையும் கூட்டினால் பற்றுச்சீட்டுத் தொகை வரும். வராவிட்டால் ஏதோ ஒரு கட்டணம் விடுபட்டிருக்கிறது.

வற்றைச் சரிபார்க்க மொத்தத்தை 1.18ஆல் வகுத்து, வந்ததை மொத்தத்திலிருந்து கழியுங்கள். மொத்தத்தில் 18% பார்த்தால் 10,892.31 வரும். அது பிழை, ஏனென்றால் வரிக்கே திரும்ப வரி போட்ட கணக்கு அது. எப்படியும் தாளில் எழுத வேண்டியது, நீங்கள் கணக்கிட்டதையல்ல, அச்சிலுள்ள தொகையைத்தான்.

வற்றைத் தனி நிரலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் வற்றுக்குப் பதிந்தவரானால், அதைக் கழிக்கலாமா என்று கணக்காளர் வரி விலைப்பட்டியலை வைத்துத்தான் பார்ப்பார். வெறும் பற்றுச்சீட்டு போதாது. பதியாதவரானால் முழுத்தொகையும் செலவுதான்.

வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. மேலே சொன்ன காப்பில் 260 நாள் 2025/26இலும் 105 நாள் அடுத்த ஆண்டிலும் விழுகின்றன. வரியும் செலவே என்று வைத்துக்கொண்டால், இந்த ஆண்டுக்கு 43,105.02, முற்பணமாக 17,407.80. பிரிப்பதைக் கணக்காளரிடம் விடுங்கள். தொடக்கமும் முடிவும் சரியாக இருந்தால் அவருக்கு அதுவே போதும். நீங்கள் எழுதிக் கொடுக்கும் வரிசை இப்படி இருக்கலாம்:

வான் | பொலிசி இலக்கம் | பற்றுச்சீட்டு இலக்கம் | கட்டியது 11 யூலை 2025 | காப்பு 15 யூலை 2025 – 14 யூலை 2026 | கட்டுப்பணம் 50,000.00 | சமூகப் பாதுகாப்பு 1,282.05 | வற் 9,230.77 | மொத்தம் 60,512.82

ஆயுள் காப்புறுதியை வேறு தாளில் எழுதுங்கள். அது உங்கள் சொந்தச் செலவு, கடைச் செலவல்ல. ஆயுள் காப்புறுதிக்கு வற் இல்லாதபடியால் அந்த நிரலில் 0 என்றே போடுங்கள். வெறுமையாக விட்டால் மறந்ததா இல்லாததா என்று தெரியாது. கட்டிய திகதியை மட்டும் எழுதாமல் எந்த மாதத்துத் தவணை என்பதையும் குறியுங்கள். ஏப்ரலில் பிந்திக் கட்டிய மார்ச் தவணை அப்போதுதான் தெளியும்.

வழுவழுப்பான வெப்பத்தாளில் அச்சான பற்றுச்சீட்டு ஒரு வருடத்துக்குள்ளேயே வெளிறிவிடலாம், வானின் டாஷ்போர்டில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். கட்டிய அன்றே ஒரு போட்டோக் கொப்பி எடுத்து அட்டவணையோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.